குழந்தையின் முதல் முள் வாட்ச்: கடையிலேயே ஆறு மணி வைத்துப் பாருங்கள்

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்கு முதல் வாட்ச் வாங்கிக் கொடுத்தோம். இளஞ்சிவப்பு நிறம், டயல் முழுக்க ஒரு கார்ட்டூன் முயல். ஸ்கூல் வேன் எட்டு பத்துக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். ஒரு நாள் காலையில் தலை பின்னிக்கொண்டே, "மணி என்ன பாப்பா?" என்று கேட்டேன். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எட்டு ஐம்பது" என்றாள். ஹாலில் இருந்த சுவர்க் கடிகாரம் ஏழு ஐம்பது காட்டியது.

"எட்டு இல்லடா. சின்ன முள் எட்டைத் தொட்டாத்தான் எட்டு. இன்னும் தொடல, அதனால ஏழு."

"தொட்டிருச்சும்மா, பாரேன்."

நான் பார்க்கவில்லை. சீப்பு கையில் இருந்தது, வேன் நினைப்பு மண்டையில் இருந்தது. இதே பேச்சு இரண்டு வாரம் ஓடியது. பிறகு அவள் வாட்சைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வாட்சின் ஸ்ட்ராப்பைப் பிடித்திருந்த ஊசி கழன்று விழுந்ததால்தான் திருவல்லிக்கேணியில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்த பாய், கீயை இழுத்து மணியை ஏழு ஐம்பதுக்கு வைத்து எங்களிடம் நீட்டினார். சின்ன முள் எட்டின் மேலேயே நின்றது. "பாப்பா சொன்னது சரிதான்மா. சின்ன முள்ளைத் தள்ளி உட்கார வச்சிருக்காங்க" என்றார்.

அன்றைக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு குழந்தைகளுக்கு வாட்ச் வாங்கப் போகும் யாரிடமும் நான் முதலில் சொல்வது டயலின் நிறத்தையோ விலையையோ அல்ல, சின்ன முள்ளைத்தான்.

அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டமானது இல்லை. டயலில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே 30 டிகிரி. பெரிய முள் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் சின்ன முள் அந்த 30 டிகிரியை மெல்ல மெல்லக் கடக்கிறது, அதாவது நிமிடத்துக்கு அரை டிகிரி. ஏழு ஐம்பதுக்கு சின்ன முள் எட்டை அடைய இன்னும் பத்து நிமிடத் தொலைவு பாக்கி இருக்க வேண்டும். அது வெறும் 5 டிகிரி. குழந்தைகள் வாட்சில் சின்ன முள் சுமார் 8 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், முள்ளின் நுனியில் அந்த 5 டிகிரி என்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, முக்கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. தொழிற்சாலையில் முள்ளை அழுத்தி மாட்டும்போது அவ்வளவு சின்னப் பிசகு போதும், ஏழு ஐம்பதில் முள் எட்டில் போய் உட்கார்ந்துவிடும். பெரியவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. நமக்கு அது காலை நேரம் என்று தெரியும், மனது தானாகத் திருத்திக்கொள்ளும். மணி பார்க்கப் பழகும் குழந்தைக்கு அந்த முள்ளை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

இத்தனைக்கும் குழந்தைகள் வழக்கமாகச் சறுக்குகிற இடமும் இதுதான். முழு மணி சீக்கிரம் வந்துவிடும், அரை மணியும் வந்துவிடும். முக்கால் மணியிலிருந்து அடுத்த மணி ஆகும் வரைக்கும்தான் தகராறு. சின்ன முள் அடுத்த எண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், குழந்தை அந்த அடுத்த எண்ணைப் படித்துவிடும். ஆக, முதல் வாட்ச் அந்தக் கால் மணி நேரத்தில் பொய் சொல்லாத வாட்சாக இருக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

புது வாட்சில் கீயை வெளியே இழுத்து, பேட்டரி தீராமல் இருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைச் சொருகி வைத்திருப்பார்கள். கடைக்காரரிடம் சொல்லி அதை எடுத்துவிடுங்கள். கீ வெளியே இழுத்த நிலையிலேயே இருக்கட்டும். இப்போது முட்களை முன்னோக்கி மட்டும் திருப்புங்கள். உள்ளே பல்சக்கரங்களுக்கு நடுவே கொஞ்சம் தளர்வு இருக்கும். பின்னோக்கித் திருப்பி நிறுத்தினால் அந்தத் தளர்வினாலேயே சின்ன முள் லேசாக விலகித் தெரியும். முன்னோக்கித் திருப்பும்போது கிடைப்பதுதான் வாட்ச் ஓடும்போது காட்டும் இடம்.

முதலில் பன்னிரண்டு மணி வையுங்கள். பெரிய முள் சின்ன முள்ளை மறைக்க வேண்டும். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள், பெரிய முள்ளுக்கு அடியில் சின்னப் பிசகு ஒளிந்துகொள்ளும். அடுத்து ஆறு மணி. இதுதான் உண்மையான சோதனை. இரண்டு முட்களும் சேர்ந்து மேலிருந்து கீழாக ஒரே கோடாக நிற்க வேண்டும். கோடு நேராக இருக்கிறதா, நடுவில் முறிகிறதா என்பதை நம் கண் மிக நன்றாகக் கண்டுபிடிக்கும். கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கும்போதே கோடு முறிந்து தெரிந்தால் அந்த வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே மாடலில் இன்னொன்றைக் கேளுங்கள். பெரும்பாலும் பிசகு அந்த ஒரு வாட்சில்தான் இருக்கும், மாடலில் இருக்காது.

கடைசியாக ஏழு ஐம்பத்தைந்து வைத்து, வாட்சைக் குழந்தையிடமே கொடுங்கள். "சின்ன முள் எட்டைத் தொட்டுடுச்சா, இன்னும் இல்லையா?" என்று மட்டும் கேளுங்கள். மணி என்ன என்று கேட்க வேண்டாம். "இன்னும் இல்ல" என்று தயங்காமல் சொன்னால், முள் சரியாக இருக்கிறது, குழந்தையின் கண்ணுக்கும் அது எட்டுகிறது. டயல் ரொம்பச் சின்னதாக இருந்தாலோ சின்ன முள் தடியாக இருந்தாலோ அந்த இடைவெளி தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்ட வாட்சில் முள் சரியாக மாட்டியிருந்தும் பயன் இல்லை.

இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. பாண்டி பஜாரிலோ புரசைவாக்கத்திலோ சனிக்கிழமை சாயங்காலம் போனால் கடைக்காரருக்கு இதற்குப் பொறுமை இருக்காது. வார நாளில் காலையில் போங்கள். ஆன்லைனில் வாங்கினால், வந்த அன்றைக்கே இதே சோதனையைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் நாள் கடந்துவிடப் போகிறது.

டயலில் என்ன இருக்க வேண்டும்

ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்ணும், நாம் எழுதுகிற மாதிரி எண்களாகவே இருக்க வேண்டும். 12, 3, 6, 9 மட்டும் போட்டு மற்ற இடங்களில் கோடு வைத்த டயல் வேண்டாம், ரோமன் எண்ணும் வேண்டாம். மூன்றாம் எண் இருக்க வேண்டிய இடத்தில் தேதிக்கு ஒரு ஜன்னல் வைத்திருப்பார்கள். அதில் 17 என்று தெரியும்போது, குழந்தை பதினேழையும் மணியாகச் சேர்த்துப் படிக்கும். தேதி இல்லாததாகப் பாருங்கள்.

நிமிடத்துக்கு என்ன செய்வது? ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஐந்தாம் வாய்ப்பாடு பாதிதான் தெரியும். பெரிய முள் 7-இல் நின்றால் அது முப்பத்தைந்து என்பது அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை. அதனால் வெளி விளிம்பில் 5, 10, 15 என்று சின்னதாக நிமிட எண்களும் அச்சிட்ட டயல் நல்லது. பெரிய முள்ளும் வெளி வளையமும் ஒரே நிறம், சின்ன முள்ளும் உள் எண்களும் வேறொரு நிறம் என்று இருந்துவிட்டால் இன்னும் நல்லது. அப்போது, "சிவப்பு முள் சிவப்பு எண்ணைப் படிக்கும்" என்ற ஒரு வரியோடு பாடம் முடிந்துவிடும். பெரிய முள்ளின் நுனி அந்த வெளி வளையத்தைத் தொடும் அளவுக்கு நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன முள் மணி எண்ணுக்குச் சற்று முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். சில அலங்கார வாட்சுகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளமாக இருக்கும். பழகிய நமக்கே ஒரு நொடி தடுமாறும்.

இரண்டு வளையம் சரி, மூன்றாவது வேண்டாம். 13 முதல் 24 வரை உள்ளே இன்னொரு வளையம் போட்ட வாட்சுகளும் உண்டு. ரயில் நேரம் படிக்கும் வயதில் அது உதவும், ஆறு வயதில் அது இரைச்சல். செகண்ட் முள் மெல்லியதாக, வேறு நிறத்தில் இருந்தால் இருக்கட்டும். அது ஓடுவதைப் பார்க்கக் குழந்தைகளுக்குப் பிடிக்கும், வாட்ச் நின்றுவிட்டால் உடனே தெரிந்தும்விடும்.

முயல் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் ஸ்ட்ராப்பில் இருக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். டயலில் இருந்தால், முள்ளுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு காதும் மீசையும் இன்னொரு முள்ளாகிவிடும். டைட்டனின் சூப் மாதிரி குழந்தைகளுக்கென்றே வரும் வாட்சுகளிலும் டயல் முழுக்கப் படம் போட்டவையும் உண்டு, எண்கள் தெளிவாக உள்ளவையும் உண்டு. கம்பெனி பெயரைக் கேட்டு வாங்காமல் ஒவ்வொரு டயலாகப் பாருங்கள்.

பாஸ்ட், டு போட்ட டயல் நம் வீட்டுக்கு ஏன் ஒத்துவராது

மணி கற்றுக்கொடுப்பதற்கென்றே வரும் சில வாட்சுகளில் டயலை இரண்டாகப் பிரித்து, வலது பாதியில் பாஸ்ட் என்றும் இடது பாதியில் டு என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் மணி சொல்லும் வீட்டுக்கு அது நல்ல ஏற்பாடு. தமிழில் மணி சொல்லும் வீட்டில் அது குழப்பும்.

காரணம் இது. 7.45-ஐ நாம் ஏழே முக்கால் என்கிறோம். ஆங்கிலத்தில் அதே நேரத்தை எட்டுக்குக் கால் மணி குறைவு என்ற பொருளில் குவார்ட்டர் டு எய்ட் என்கிறார்கள். நம் பேச்சு கடந்துபோன மணியைச் சொல்கிறது, அவர்கள் பேச்சு வரப்போகும் மணியைச் சொல்கிறது. நாமும் "எட்டாகப் பத்து நிமிஷம் இருக்கு" என்போம்தான், ஆனால் காலும் அரையும் முக்காலும் கடந்த மணியோடுதான் ஒட்டும். ஏழேகால், ஏழரை, ஏழே முக்கால் என்ற மூன்றிலும் ஏழு மாறாமல் நிற்கிறது. சின்ன முள் ஏழைத் தாண்டிவிட்டது, எட்டை இன்னும் தொடவில்லை என்கிற டயலின் விதியும் இதேதான். குழந்தை தடுக்கி விழுகிற அந்தக் கால் மணி நேரத்தில் நம் மொழியே அதற்குக் கை கொடுக்கிறது. அப்படியிருக்க, அதே இடத்தில் எட்டு என்று சொல்லத் தூண்டும் டயலை எதற்கு வாங்க வேண்டும்? குவார்ட்டர் டு பள்ளியில் எப்படியும் வரும். அதற்குள் ஏழே முக்கால் கையில் நன்றாக உட்கார்ந்திருந்தால், இரண்டாவது வழக்கத்தைத் தனியாகக் கற்றுக்கொள்வது சுலபம்.

சென்னை வேர்வைக்கும் சின்ன மணிக்கட்டுக்கும்

ஒரு நூலைக் குழந்தையின் இடது மணிக்கட்டில் சுற்றி, அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தூங்கும்போதே அளந்துவிடலாம். வாட்சைக் கட்டிப் பார்க்கும்போது, ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு காதுகளும் மணிக்கட்டின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கதவிலும் பெஞ்சிலும் இடித்துக்கொண்டே இருக்கும். கட்டிய பிறகு உங்கள் சுண்டுவிரல் உள்ளே நுழையும் அளவு இடம் இருக்கட்டும்.

ஸ்ட்ராப் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சென்னைக்குத் தோல் ஸ்ட்ராப் வேண்டவே வேண்டாம், ஒரு கோடையில் வேர்வை ஊறி நாறிவிடும். சிலிக்கான் கழுவ எளிது, ஆனால் அடியில் வேர்வை தங்கும், மே மாதத்தில் மணிக்கட்டு சிவந்து அரிக்கும். துணி மாதிரி நெய்த நைலான் ஸ்ட்ராப், ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோவோடு கிடைத்தால் அதுதான் என் தேர்வு. குழந்தையே கட்டிக்கொள்ளும், அவிழ்த்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் போதும். பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். முலாம் பூசிய மலிவான உலோகம் வேர்வை பட்டுப் பட்டு உரிந்துபோகும், அதற்கு அடியில் உள்ளது சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையைக் கிளப்பும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, பின்மூடியில் 30 மீட்டர் என்று இருந்தால் அதை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடாதீர்கள். கை கழுவும்போது தெறிப்பதையும் மழைத் தூறலையும் தாங்கும் என்றுதான் அதற்கு அர்த்தம். குளிக்கும்போதும் கழற்றாத குழந்தை என்றால் 50 மீட்டர் போட்டது பாருங்கள். மெரினாவில் அலையில் நனைந்தால் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். எந்த வாட்சாக இருந்தாலும் கீ வெளியே இழுத்தபடி இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி மாதிரிப் படிந்தால் அதுதான் அறிகுறி, அன்றைக்கே கடையில் கொடுத்துத் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமானது பின்மூடி. நகத்தால் நெம்பியதும் திறந்துகொள்ளும் மூடி உள்ள வாட்சை வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். வீட்டில் தம்பி, தங்கை தவழும் வயதில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வாங்கி வந்த முதல் வாரம்

எங்கள் இரண்டாவது வாட்ச் 650 ரூபாய். வெள்ளை டயல், கறுப்பு எண், சிவப்புப் பெரிய முள். முயல் ஸ்ட்ராப்பில் மட்டும். ஆறு மணி வைத்துப் பார்த்தபோது முதலில் எடுத்த வாட்சில் கோடு லேசாக முறிந்தது, இரண்டாவதில் நேராக நின்றது.

முதல் வாரம் பெரிய முள்ளைப் பற்றிப் பேசவே இல்லை. சின்ன முள் எந்த எண்ணைத் தாண்டியிருக்கிறது, எதை நோக்கிப் போகிறது என்று மட்டும் கேட்டேன். "ஏழைத் தாண்டிடுச்சு, எட்டுக்குக் கிட்ட வந்துடுச்சு" என்பாள். மணி பார்ப்பதில் அதுவே பாதி. இரண்டாவது வாரம் சிவப்பு முள்ளையும் படித்தோம். "எட்டுக்குக் கிட்ட, ஐம்பது... ஏழு ஐம்பது" என்று அவளாகவே சேர்த்துச் சொன்னது பத்தாவது நாளோ என்னவோ, வேனுக்குக் காத்திருக்கும்போது.

வகுப்பில் வாட்ச் நின்றுவிட்டது என்று அழுதுகொண்டு வந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் கீயைப் பாருங்கள். விரல் சும்மா இருக்காது, இழுத்திருக்கும். உள்ளே அழுத்தினால் ஓடும், பிறகு நேரம் மட்டும் திருத்த வேண்டும். பேட்டரி தீர்ந்து கடையில் மாற்றும்போது முட்களைத் தொட மாட்டார்கள், அவை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் கண்ணாடி உடைந்து மாற்றினாலோ முள்ளைக் கழற்றி மாட்டினாலோ, கடையை விட்டு இறங்குவதற்கு முன் மறுபடியும் ஆறு மணி வைத்துப் பாருங்கள். எங்கள் பழைய முயல் வாட்சையும் பாய் அப்படித்தான் சரி செய்தார். எந்திரத்தை வெளியே எடுத்து, மூன்று முட்களையும் நெம்பி எடுத்து, பன்னிரண்டில் வைத்து மறுபடி அழுத்தினார். பிறகு ஆறு மணிக்குத் திருப்பி, என்னிடம் காட்டாமல் அதை மகளிடம் நீட்டினார். "நேரா இருக்கா பாப்பா?"